கோடிட்ட இடம் எதை அளக்கிறது?

ஓர் ஆங்கில வாசகத்தில் சில சொற்களை நீக்கி, நீங்கிய இடங்களில் கோடிட்டு, முன்னும் பின்னும் உள்ளவற்றைக் கொண்டு அவற்றை மாணாக்கன் நிரப்ப வேண்டும் என்று கேட்கும் பயிற்சி நம் பள்ளிக்கூடங்களில் எல்லோரும் அறிந்ததே. 'குளோஸ்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் இந்தப் பயிற்சி, தனித்தனி வாக்கியங்களில் கோடிட்ட இடங்களை நிரப்பும் பழைய இலக்கண அப்பியாசத்தினின்றும் ஒரு விஷயத்தில் வேறுபடும்: இங்கே கோடுகள் எல்லாம் தொடர்ச்சியான ஒரே வாசகத்துக்குள் விழுகின்றன; ஆகையால் ஒரு கோட்டுக்குரிய விடையின் தடயம் அதே வாக்கியத்தில் இருக்கலாம், இரண்டு வாக்கியம் தள்ளியும் இருக்கலாம். இத்தாள் உண்மையில் எதைப் பரீட்சிக்கிறது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக ஒன்றோடொன்று இணங்காத விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவை எப்படித் தோன்றின, எங்கே தளர்கின்றன என்பதையும், ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும் என்று சில உபாத்தியாயர்கள் விதிக்கும் நிபந்தனை இந்த விவாதத்தில் எந்த அளவுக்கு உதவுகிறது என்பதையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

அறிவுக்கு ஓர் அளவுகோல்

அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரத்தில் பள்ளிப் பிள்ளைகள் காலை முழுவதும் இடைவிடாமல் படிப்பதால் களைத்துப்போகிறார்களா என்ற சந்தேகம் எழுந்தபோது, அதை ஆராயும் பொறுப்பு, ஞாபக சக்தியைப் பற்றிய ஆராய்ச்சியால் அதற்குமுன்பே கீர்த்தி பெற்றிருந்த ஹெர்மன் எப்பிங்ஹவுஸிடம் வந்தது. அவர் கணக்கையும் மனப்பாடத்தையும் கொடுத்துப் பார்த்ததோடு, சொற்களும் அசைகளும் விடுபட்ட வாசகங்களைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் பூர்த்தி செய்யச் சொல்லும் புதிய பரீட்சை ஒன்றையும் வைத்து, அதன் முடிவுகளை 1897-ல் வெளியிட்டார். களைப்பைப் பற்றிய கேள்விக்கு அது பெரிதாக விடை தந்துவிடவில்லை. ஆனால் வகுப்பில் முதல்வரிசைப் பிள்ளைகளையும் கடைவரிசைப் பிள்ளைகளையும் மற்றப் பரீட்சைகளைவிட அது தெளிவாகப் பிரித்துக் காட்டியது. சிதறிக் கிடக்கும் துணுக்குகளைச் சேர்த்துப் பொருளுள்ள முழுமையாக்குவதே புத்தியின் சாரம் என்று கருதிய அவருக்கு இது தம் கொள்கைக்குக் கிடைத்த சாட்சியாகப் பட்டது.

இந்நிலைப்பாட்டின் பலவீனம் வெளிப்படையானது. எப்பிங்ஹவுஸின் பிள்ளைகள் தங்கள் சொந்த மொழியிலேயே நிரப்பினார்கள். வேற்று மொழியைக் கற்கும் ஒருவன் ஒரு கோட்டைத் தவறாக நிரப்பினால், குறை அவன் புத்தியிலா, அந்த மொழியோடு அவனுக்குள்ள பழக்கத்திலா என்று பிரித்துச் சொல்ல இம்முறையில் வழி இல்லை.

வாசகத்துக்கு ஓர் அளவுகோல்

அரை நூற்றாண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் வில்ஸன் டெய்லர் இதே உபாயத்தை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். பத்திரிகை எழுத்தின் எளிமையை அளக்க முற்பட்ட அவர் 1953-ல் வெளியிட்ட கட்டுரையில், மாணாக்கனை அளக்காமல் வாசகத்தை அளக்க இந்தக் கோடுகளைப் பயன்படுத்தினார். 'குளோஸ்' என்ற பெயரும் அவர் இட்டதே. இடையிடையே அறுபட்ட உருவத்தையும் மனம் தானே பூர்த்தி செய்து முழுமையாகக் காண்கிறது என்னும் கெஸ்டால்ட் உளவியலாரின் சித்தாந்தம் அவருக்கு ஆதாரமாக அமைந்தது. எந்தச் சொல்லை நீக்குவது என்று நீக்குபவர் தேர்ந்தெடுத்தால் அவருடைய விருப்பு வெறுப்புகள் நுழைந்துவிடும் ஆதலால், ஐந்தாம் சொல்தோறும் என்பது போல யந்திரரீதியாக எண்ணி நீக்க வேண்டும். எழுதியவர் இட்ட அதே சொல்லை வாசகன் திரும்ப இட்டால்தான் மதிப்பெண். பல வாசகர்கள் பல கோடுகளைச் சரியாக நிரப்பினால் அந்த வாசகம் எளிது, அவ்வளவே.

அக்காலத்தில் வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லின் நீளத்தையும் கூட்டிப் பெருக்கி எளிமையைக் கணிக்கும் சூத்திரங்கள் செல்வாக்கோடு இருந்தன. குட்டைச் சொற்களைக்கொண்டே விளங்காத உரைநடை எழுதிய கெர்ட்ரூட் ஸ்டைனின் பகுதி ஒன்றை டெய்லர் சோதனைக்கு எடுத்துக்கொண்டபோது, சூத்திரங்கள் அதை எளிதென்றன, கோடுகளோ கடினமென்றன. ஆங்கிலம் படித்த எவரும் இதில் யார் பக்கம் நிற்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் டெய்லரின் முறை தாய்மொழியாளருக்காக, அதுவும் ஒரு கூட்டத்தின் சராசரியை அறிவதற்காக வகுக்கப்பட்டது. தனி ஒரு மாணாக்கன் முன் அதை வைத்து, எழுதியவரின் சொல்லேதான் வேண்டும் என்று பிடிவாதம் செய்தால் என்ன நேரும் என்பதை அறிய, ஒரு தாளை எதிரே விரித்துவைத்துக்கொள்வது நலம்.

ஒரு தாளும் அதன் ஆறு கோடுகளும்

இக்கட்டுரைக்கென்றே அமைத்த சிறு வாசகம் ஒன்றை, ஆங்கில ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து, கீழே தருகிறேன். மேரி என்னும் சிறுமி தன் குடையைத் தொலைத்துவிட்டு நனைந்துகொண்டே வீடு திரும்பியதும், தாய் கோபித்ததும், மறுநாள் அண்டை வீட்டார் ஒருவர் குடையோடு வந்ததும், அது பழையதும் கிழிந்ததுமாக இருந்தபோதிலும் மேரி மகிழ்ந்ததுமே கதை.

மேரி (1) ____ லாஸ்ட் ஹர் அம்ப்ரெல்லா, (2) ____ ஷி வாக்ட் ஹோம் இன் தி (3) ____. ஹர் மதர் வாஸ் ஆங்ரி. 'யூ லூஸ் எவ்ரிதிங்,' ஷி செட். தி நெக்ஸ்ட் மார்னிங் எ நெய்பர் கேம் டு தி டோர். ஹி வாஸ் கேரியிங் (4) ____ அம்ப்ரெல்லா. (5) ____ இட் வாஸ் ஓல்ட் அண்ட் டோர்ன், மேரி வாஸ் கிளாட் டு ஸீ (6) ____.

எழுதியவர் இட்ட சொற்கள் வரிசையாக இவை: ஹாட், ஸோ, ரெயின், ஆன், ஆல்தோ, இட். வாசகனுக்கு நிலம் பிடிபடட்டும் என்று முதல் வாக்கியத்தைச் சிதைக்காமல் விடுவது பரீட்சகர்களின் வழக்கம். விவாதத்துக்கு வேண்டிய சில சிக்கல்கள் அங்கேயே இருப்பதால் இங்கே அவ்வழக்கம் மீறப்பட்டிருக்கிறது.

முதல் கோட்டைப் பார்ப்போம். 'லாஸ்ட்' என்ற வினை வடிவத்துக்கு முன்னால் ஒரு துணைவினை வரவேண்டும் என்பதை இலக்கணம் உடனே சொல்லிவிடுகிறது. ஆனால் 'ஹாஸ்' என்பதா 'ஹாட்' என்பதா என்பதை அந்த இடத்தைச் சுற்றியுள்ள நாலைந்து சொற்கள் சொல்லவில்லை. காற்புள்ளியைத் தாண்டிச் சென்று, 'வாக்ட்' என்ற இறந்தகால வினையைக் கண்டு, நடந்ததற்கு முன்பே தொலைந்தாயிற்று என்று காலக்கிரமத்தை அமைத்துக்கொண்டவனுக்கே 'ஹாட்' என்பது நிச்சயமாகும். தடயம் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இடமிருந்து வலமாக வாசித்து, கோடு வந்தவுடன் நின்று, அங்கேயே நிரப்பிவிட்டு மேலே செல்லும் பழக்கமுள்ள பிள்ளைகள் இத்தகைய இடத்தில் 'ஹாஸ்' எழுதுவதற்கு அதுவே காரணமாகலாம். மேரி ஒருமை என்பதனால் 'ஹாஸ்' எழுதினேன் என்று அவர்கள் காரணம் கூறினால், அந்தக் காரணம் பிழையல்ல, போதாது என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாம் கோட்டில் 'பிகாஸ்' என்று இட்டாலும் வாக்கியத்தின் கட்டு குலைவதில்லை. பொருள்தான் தலைகீழாகிவிடுகிறது, மழையில் நடந்ததனால் குடை தொலைந்தது என்றாகும். அதைத் தடுப்பது மழைக்கும் குடைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிய பொது அறிவும், முதல் கோட்டில் 'ஹாட்' இட்டதால் தொலைந்தது முந்தியது என்று ஏற்பட்டுவிட்ட கிரமமும் ஆகும். ஆகவே முதல் கோட்டில் தவறியவன் இரண்டாவதிலும் தவற ஏதுவாகிறது. இரண்டு மதிப்பெண்களும் இரண்டு தனித்தனித் திறன்களுக்குச் சாட்சி என்று எண்ணிக் கூட்டுவது அவ்வளவு நியாயமன்று. 'அண்ட்' என்று எழுதியவனையோ தவறு என்று தள்ள முடியாது. அவன் காரணகாரிய உறவைச் சொல்லாமல் விட்டானே ஒழிய மாற்றிச் சொல்லவில்லை.

மூன்றாம் கோடே இவற்றுள் சுவையானது. 'இன் தி' என்பதற்குப் பின் ஒரு பெயர்ச்சொல் வரும் என்பதற்குமேல் இலக்கணம் வாய் திறப்பதில்லை. முந்திய பகுதியில் உள்ள குடைதான் தடயம். இங்கிலாந்தில் வளர்ந்த பிள்ளை மழை என்று எழுதுவான். சித்திரை வெயிலில் குடை பிடித்துச் செல்லும் தாய்மார்களைக் கண்டு வளர்ந்த சென்னைப் பிள்ளை 'ஸன்' என்று எழுதி, குடை இல்லாததால் வெயிலில் நடந்தாள் என்று காரணம் காட்டினால், அவன் வாசகத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று எந்த நியாயத்தால் கூற முடியும்? வாசகத்தில் வேறெங்கும் மழையைப் பற்றிய குறிப்பு இல்லை. டெய்லரின் விதிப்படி அவனுக்குப் பூஜ்யம். ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் ஜப்பானியச் சூழலுக்கு ஏற்ப மாற்றி வைத்தபோது ஜப்பானிய மாணவர்கள் அதே வாசகத்தில் மேலும் நன்றாக நிரப்பினார்கள் என்று சிஹாராவும் அவருடைய கூட்டாளிகளும் 1989-ல் காட்டியிருப்பதை இதனோடு சேர்த்து நினைத்தால், கோடிட்ட இடம் மொழியை மட்டும் அளப்பதாகச் சொல்வது சிரமமாகிறது.

நாலாம் கோடு மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் ஆர்ட்டிகிள் கேள்வி. உயிரொலிக்கு முன் 'எ' வராது, 'ஆன்' வரும். இலக்கணப் புத்தகத்தின் முதல் பாடங்களுள் ஒன்று. ஆனால் கதையைத் தொடர்ந்து வந்த மாணாக்கன் ஒருவன், அண்டை வீட்டார் கொண்டுவந்தது மேரி தொலைத்த அதே குடைதான் என்று அநுமானித்து 'தி' என்றோ 'ஹர்' என்றோ எழுதக்கூடும். இவற்றில் எதுவும் இலக்கணப் பிழையன்று. சொல்லப்போனால் 'ஆன்' எழுதியவன் பக்கத்துச் சொல்லின் முதல் ஒலியை மட்டும் பார்த்திருக்கலாம். 'ஹர்' எழுதியவனோ நாலு வாக்கியம் பின்னோக்கிச் சென்று திரும்பியிருக்கிறான். எழுதியவரின் சொல்லே சரி என்னும் விதி குறைவாக வாசித்தவனுக்கு மதிப்பெண்ணும் நிறைய வாசித்தவனுக்குத் தண்டனையும் தரும் இடம் இது. இத்தகைய ஆர்ட்டிகிள்கள் இல்லாத தமிழைப் பேசி வளர்ந்தவர்களுக்கு இந்தக் கோடு பொதுவாகவே இடறலானது என்பதால், இங்கே வாங்கும் பூஜ்யம் வாசிப்பின் குறையா மொழி வேறுபாட்டின் விளைவா என்பதும் எண்ணைப் பார்த்தால் தெரியாது.

ஐந்தாவதில் இரண்டு பகுதிகளின் எதிர்மறை உறவு வேண்டப்படுகிறது: பழையது, கிழிந்தது, எனினும் மகிழ்ச்சி. 'ஆல்தோ' என்பதற்குப் பதில் 'தோ' என்பதும் பொருந்தும். 'பட்' பொருந்தாது, அது முதலில் நின்றால் பின்வரும் இரண்டு பகுதிகளும் காற்புள்ளி ஒன்றினால் மட்டும் ஒட்டி நிற்கும் நிலை ஏற்படும். ஆறாவதில் 'ஹிம்' என்று இட்டாலும் அந்தச் சிறு பகுதி தனக்குள் பிழையற்றதே, அண்டை வீட்டாரைக் கண்டு மேரி மகிழ்ந்தாள் என்று பொருள்படும். வாக்கியத்தின் முற்பகுதி குடையைப் பற்றியது என்பதைக் கவனித்தவனே 'இட்' என்று தெளிவான்.

இப்படி ஆறே கோடுகளில், சொல்லுக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும் தடயமும், அதே வாக்கியத்தின் வேறு பகுதியில் உள்ள தடயமும், முந்திய வாக்கியங்களில் உள்ள தடயமும், வாசகத்திலேயே இல்லாமல் வாசிப்பவனுடைய உலகானுபவத்தில் உள்ள தடயமும் கலந்து கிடக்கின்றன. லைல் பாக்மன் 1980-களில் கோடுகளை வகைப்படுத்தியது ஏறக்குறைய இந்த நாலு வகைகளாகவே.

ஒட்டுமொத்தத் திறன் என்ற சித்தாந்தம்

இந்தக் கலப்பையே ஒரு குணமாகக் கண்டவர் ஜான் ஆலர். மொழியைப் புரிந்துகொள்வதென்பது அடுத்து என்ன வரும் என்று இடைவிடாமல் எதிர்பார்த்துக்கொண்டும் அந்த எதிர்பார்ப்பைத் திருத்திக்கொண்டும் செல்வதே என்பது அவருடைய துணிபு. இலக்கணம், சொல்வளம், உலக அறிவு ஆகியவற்றைப் பிரித்துப் பரீட்சிப்பது செயற்கையானது. கோடிட்ட வாசகம் அவை யாவற்றையும் ஒருசேர இயங்கச் செய்கிறது. ஆகவே வேற்று மொழியாளரின் பொதுத் திறனை அது ஒன்றே போதிய அளவுக்குக் காட்டும் என்று அவர் 1970-களில் வாதித்தார். அந்த மதிப்பெண்கள் மற்ற மொழிப் பரீட்சைகளின் மதிப்பெண்களோடு நெருங்கி ஒத்துச் சென்றது அவருக்குப் பலமான சாட்சி. பரீட்சகர்களுக்கு இதைவிட இனிய செய்தி இருக்க முடியாது. கேள்வி தயாரிக்க வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

ஆனால் இரண்டு பரீட்சைகளின் மதிப்பெண்கள் சேர்ந்தே உயர்கின்றன என்பதால் அவை இரண்டும் ஒரே பொருளை அளக்கின்றன என்று ஆகிவிடாது. மொழித் திறன் யாவும் பிரிக்கமுடியாத ஒன்று என்னும் அந்தச் சித்தாந்தத்தின் கடுமையான வடிவம் புள்ளிவிவர ஆய்வுகளுக்குத் தாங்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஆலர் தாமே அதிலிருந்து பின்வாங்கினார். அறிஞர்களிடையே இவ்வளவு வெளிப்படையான பின்வாங்கல் அடிக்கடி காணக்கூடியதன்று.

எண்ணத் தொடங்கும் இடம்

ஆலருக்கு எழுந்த ஆக்ஷேபங்களுள் கூர்மையானது சார்லஸ் ஆல்டர்சனுடையது. ஒரே வாசகத்தில் எத்தனையாவது சொல்லை நீக்குவது என்பதை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த அவர், அப்படி மாற்றுந்தோறும் வேறு வேறு பரீட்சை பிறந்துவிடுகிறது என்று 1979-ல் அறிவித்தார். இது எவ்வாறு என்பதை நம் மேரியின் கதையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

முதல் வாக்கியத்தைத் தொடாமல் விட்டு, அதன் பின்னுள்ள சொற்களை எண்ணி ஏழாம் சொல்தோறும் நீக்கினால் விழும் ஐந்து சொற்கள்: எவ்ரிதிங், நெய்பர், கேரியிங், அண்ட், இட். இவற்றுள் பாதிக்குமேல் பொருட்சொற்கள். முதல் இரண்டுக்கும் வாசகம் போதிய தடயம் தருவதுமில்லை. கதவண்டை வந்தவர் அண்டை வீட்டாராக இருக்கலாம், போலீஸ்காரராக இருக்கலாம், பள்ளித் தோழனாகவும் இருக்கலாம். அதே ஏழாம் சொல் விதியை வைத்துக்கொண்டு, எண்ணுவதை மட்டும் நாலு சொல் முன்னதாகத் தொடங்கி, இரண்டாம் வாக்கியத்தின் மூன்றாம் சொல்லிலேயே முதல் நீக்கம் விழும்படி செய்தால் போகிற ஐந்தும் இவை: வாஸ், தி, தி, ஆல்தோ, வாஸ். இங்கே பொருட்சொல் ஒன்றுகூட இல்லை. முதல் தாளில் தத்தளிக்கும் பிள்ளை இரண்டாம் தாளில் நாலு மதிப்பெண் வாங்கிவிடலாம். மொழியறிவு அதற்குள் வளர்ந்துவிடவில்லை, வாசகமும் மாறவில்லை. ஐம்பது கோடுகள் வைத்தால் இந்த ஏற்றத்தாழ்வு ஓரளவு சமனாகும் என்பதற்காகவே நீளமான வாசகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்கும் பள்ளிக்கூடத் தாளுக்கு அந்த ஆறுதல் இல்லை.

யந்திரரீதியாக நீக்கினால் பாரபட்சம் ஒழியும் என்ற டெய்லரின் நம்பிக்கை இவ்வாறு ஆட்டங்கண்டதன்பின், நீக்கவேண்டிய சொற்களைப் பரீட்சகர் தம் நோக்கத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பதே முறை என்ற கட்சி பாக்மனின் ஆய்வுகளால் வலுப்பெற்றது. யுல்ரிச் ராட்ஸும் கிறிஸ்டீன் கிளைன்-பிரேலியும் 1981-ல் வேறொரு திசையில் சென்று, இரண்டாம் சொல்தோறும் அதன் பிற்பாதியை மட்டும் வெட்டும் முறையை வகுத்தார்கள்; அது விடையின் குழப்பத்தைக் குறைக்கிறது என்றாலும், தடயத்தை மேலும் அண்மைக்கு இழுத்துவிடுகிறது என்று குறை கூறுவோரும் உண்டு.

வாக்கியத்துக்கு உள்ளேயா, அப்பாலா?

ஆல்டர்சனின் முடிவுகளில் இன்னொன்று இதைவிட அடிப்படையானது. கோடுகள் பெரும்பாலும் அண்மையிலுள்ள சில சொற்களைக்கொண்டே நிரப்பப்படுகின்றன. ஆகையால் இந்தப் பரீட்சை வாக்கிய அளவிலான இலக்கணத்தையும் சொல்லறிவையுமே அளக்கிறது, வாசகம் முழுவதையும் கோத்துப் புரிந்துகொள்ளும் ஆற்றலை அன்று என்பது அவர் கருத்து. இதற்கு ஒரு நேரடியான சோதனை உண்டு: வாசகத்தின் வாக்கியங்களை முன்பின்னாகக் கலைத்து வைத்துவிட்டுக் கோடுகளை நிரப்பச் சொல்வது. வாக்கியங்களுக்கு அப்பாற்பட்ட புரிதல் தேவையாக இருந்தால் கலைத்த தாளில் மதிப்பெண் விழ வேண்டும். சிஹாரா, ஆலர் முதலியோர் 1977-ல் விழுந்ததாகவே கண்டார்கள். 1982-ல் ஷானஹான், கமில், டோபின் ஆகிய மூவரும் தாய்மொழியாளரிடையே சோதித்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை.

ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இந்த இரண்டும் ஒருவேளை முரணல்ல. நம் ஆறு கோடுகளைக் கலைத்துப் பார்த்தால் 1, 2, 3, 5, 6 ஆகிய ஐந்தும் தத்தம் வாக்கியத்துக்குள்ளேயே தடயம் உடையவையாதலால் பெரும்பாலும் அசையமாட்டா. நாலாவது மட்டும், அதுவும் 'தி' அல்லது 'ஹர்' எழுதக்கூடியவனுக்கு மட்டும், ஆட்டங்காணும். ஆறில் ஒன்று மாறுவது சராசரியில் தெரிந்தும் தெரியாமலும் போகலாம். கலைப்பதால் என்ன நேரும் என்பது எந்தக் கோடுகள் விழுந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது என்றால், 'குளோஸ் எதை அளக்கிறது' என்று பொதுவில் கேட்பதைக் காட்டிலும் இந்தக் கோடு எதை அளக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பதே பயனுடையது என்று எனக்குத் தோன்றுகிறது.

காரணம் எழுதும் கட்டம்

அவ்வாறு கேட்பதற்குப் பள்ளிக்கூடம் கண்டுபிடித்த உபாயந்தான் விடைக்குப் பக்கத்தில் காரணத்துக்கென்று இடும் இரண்டாம் கட்டம். அதன் பயன் உடனே விளங்கக்கூடியது. நாலாம் கோட்டில் இரண்டு பிள்ளைகள் 'ஆன்' என்றே எழுதியிருக்கட்டும். ஒருவன் பின்னால் உயிரொலி வருகிறது என்று மட்டும் எழுதுகிறான். மற்றவன், இது மேரியின் குடைதானா என்பது இன்னும் தெரியாததால் 'தி' போடவில்லை, உயிரொலி வருவதால் 'எ' போடவில்லை என்று எழுதுகிறான். மதிப்பெண் ஏட்டில் இருவரும் ஒன்றே. காரணக் கட்டத்தில் இருவருக்கும் இடையே பெருந்தூரம் இருக்கிறது. மூன்றாமவன் 'எ' என்று தவறாக எழுதி, இன்ன குடை என்று குறிப்பிடாததால் என்று காரணம் கூறினால், அவனுக்குத் தெரியாதது ஒலிவிதி ஒன்றே, ஆர்ட்டிகிளின் தத்துவம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது என்பதும் உபாத்தியாயருக்குப் புலனாகும்.

காரணங்களைத் திருத்தும்போது உபாத்தியாயர் கவனிக்கத்தக்க அடையாளம் ஒன்று உண்டு. எழுதிய விடையை மட்டும் ஆதரிக்கும் காரணம் அரைக் காரணம். அந்த இடத்தில் வந்திருக்கக்கூடிய இன்னொரு சொல்லை விலக்கிக் காட்டுவதே முழுக் காரணம். 'இட் என்பது குடையைக் குறிக்கும்' என்று எழுதியவன் இன்னும் நிரூபிக்கவில்லை. 'பழையது, கிழிந்தது என்பவை குடைக்கே பொருந்துவன, ஆதலால் ஹிம் வராது' என்று எழுதியவன் நிரூபித்துவிட்டான். 'காதுக்கு நன்றாக இருக்கிறது' என்று எழுதுபவனை மட்டும் அவசரப்பட்டு ஏளனம் செய்யலாகாது; ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிற் பலர் நேர்மையாக எழுதினால் அதையேதான் எழுதுவார்கள்.

இந்த இடத்தில் பழைய உளவியல் வழக்கொன்று குறுக்கிடுகிறது. மனிதர் தம் முடிவுக்குக் கூறும் காரணம் அந்த முடிவு உண்மையில் பிறந்த வழியாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை, பின்னால் தோன்றிய சமாதானமாகவும் இருக்கலாம் என்று நிஸ்பெட்டும் வில்ஸனும் 1977-ல் எழுதினார்கள். மூன்றாண்டு கழித்து எரிக்ஸனும் ஸைமனும், வேலை நடக்கும்போதே மனத்தில் ஓடுவதை அப்படியே சொல்லச் செய்தால் அச்சொல்லை நம்பலாம், பிற்பாடு விளக்கம் கேட்டால் நம்பிக்கை குறையும் என்று ஒரு நடுவழி வகுத்தார்கள். பள்ளித் தாளின் காரணக் கட்டம் இவற்றுள் பின்னதைச் சேர்ந்தது. 'ஹாட்' என்று பழக்கத்தால் எழுதிய பிள்ளை, கட்டத்தை நிரப்பும் நிர்ப்பந்தத்தால் பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்ற பெயரைத் தேடி எழுதுகிறான். 'வாக்ட்' என்ற சொல்லை அவன் பார்த்தானா என்பது அந்தப் பெயரிலிருந்து தெரியவராது.

காரணத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வதும் இதே குழப்பத்தை மிகுவிக்கும். கோட்டைச் சரியாக நிரப்பும் அளவுக்கு ஆங்கிலம் தெரிந்தவனுக்கு, தான் ஏன் அப்படி நிரப்பினான் என்பதை அம்மொழியில் விவரிக்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தமிழில் எழுத அநுமதித்தால் காரணங்கள் தெளிவடையக்கூடும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. ஆங்கில வகுப்பில் தமிழ் நுழையலாகாது என்னும் நியமம் உள்ள பள்ளிகளில் அது நடைமுறைக்கு வருவது அரிது.

தீராதவை

எப்பிங்ஹவுஸ் முதல் பாக்மன் வரை வந்த நிலைப்பாடுகளில் எதுவும் முற்றிலும் பொய்யாகிவிடவில்லை. ஒவ்வொன்றும் ஒருவகைக் கோட்டைப் பற்றி உண்மையாக இருந்து, எல்லாக் கோடுகளுக்கும் பரவ முயன்றபோது தளர்ந்தது என்றே கொள்ளலாம். எண்ணி நீக்கிய தாளைவிடத் தேர்ந்து நீக்கிய தாள் பள்ளிப் பயிற்சிக்கு ஏற்றது என்பதிலும், எழுதியவரின் சொல்லோடு பொருந்தும் பிற சொற்களையும் ஏற்க வேண்டும் என்பதிலும் இன்று பெரிய கருத்து வேறுபாடு இருக்கக் காரணமில்லை. எந்தெந்தச் சொல் பொருந்தும் என்பதை முன்கூட்டி முடிவு செய்வது யார் என்ற கேள்விக்கோ இன்னும் இணக்கமான விடை இல்லை. 'ஸன்' என்று எழுதிய பிள்ளையின் தாளைத் திருத்துகிறவர், அவன் ஊரின் வெயிலை அறிந்தவராக இருந்தாலன்றி அதைச் சரியென்று குறிக்கமாட்டார். காரணத்துக்கு மதிப்பெண் இடுவதா, அதைப் படித்து வைத்துக்கொண்டு விடைக்கு மட்டும் இடுவதா என்பதும் தீராத ஒன்று: இட்டால் பிள்ளைகள் மதிப்பெண் தரும் காரணங்களை மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள், இடாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். பெயரில்லாத ஒரு பயிற்சித் தாளில் முதல் சில மாதங்கள் மதிப்பெண்ணின்றிக் காரணம் எழுதவைத்து, பிறகு பரீட்சையில் காரணம் கேட்காமல் விடும் வழியைச் சிலர் பரிந்துரைக்கலாம்; அப்படிப் பழகிய பிள்ளை பரீட்சை மண்டபத்தில் கோட்டைத் தாண்டி 'வாக்ட்' வரையில் வாசித்துவிட்டுத் திரும்புகிறானா என்பது, அவனுடைய விடையை மட்டும் பார்க்கும் பரீட்சகருக்குத் தெரியப்போவதில்லை.